புல்லட் நிறைந்த ஸ்லைடைப் படமாக மாற்றுவது எப்படி?

கேள்வி: திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை. எங்கள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பைப் பற்றி பையருக்குப் பிரசன்டேஷன் காட்ட வேண்டும். ஒவ்வொரு ஸ்லைடிலும் எட்டு பத்து புல்லட் இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. எதைக் குறைப்பது?

பதில்:

குறைக்கும் வேலையை அப்புறம் பார்க்கலாம், முதலில் பிரியுங்கள். நம்ம ஊர்ப் பட்டறைகள் காட்டும் ஸ்லைடுகளில் "கழிவுநீர்ச் சுத்திகரிப்பு" என்ற தலைப்பின் கீழ் பெரும்பாலும் இவைதான் வரிசையாக நிற்கும்: 2011 உயர் நீதிமன்ற உத்தரவு, சமன் தொட்டி, உயிரியல் சுத்திகரிப்பு, ஆர்.ஓ., சுத்த நீர் மறுபயன்பாடு, ரிஜெக்ட், எவாப்பரேட்டர், உப்பு மீட்பு, நீராவிச் செலவு.

இதை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு வரியும் எந்தக் கேள்விக்குப் பதில் என்று பக்கத்தில் குறியுங்கள். நீதிமன்ற உத்தரவு "ஏன் செய்கிறோம்?" என்பதற்கு. நீராவி "எங்கே காசு போகிறது?" என்பதற்கு. மீதி ஏழும் "தண்ணீர் எங்கே போகிறது?" என்ற ஒரே கேள்விக்கு. ஆக மூன்று ஸ்லைடு. எண்ணிக்கை கூடினாலும் பேசும் நேரம் கூடாது, கவலை வேண்டாம்.

அடுத்தது தலைப்பு. "கழிவுநீர்ச் சுத்திகரிப்பு" என்பது பெயர்ப்பலகை மாதிரி, எதையும் சொல்லவில்லை. "தண்ணீரும் உப்பும் மறுபடி சாயத்துக்கே திரும்புகின்றன" என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். தலைப்பு ஒரு கூற்று, கீழே அதற்குச் சான்றாகப் படம் என்ற இந்த முறையை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஆலி என்ற பேராசிரியர் பொறியாளர்களுக்குச் சொல்லித்தந்திருக்கிறார். தலைப்பை எழுதும்போது நடுவில் இரண்டு விஷயம் வந்து முட்டினால், அந்த ஸ்லைடை இன்னும் பிரிக்க வேண்டும்.

இனி படம். புல்லட்டுகளை முழு வாக்கியமாக்கி வினைச்சொற்களைப் பாருங்கள். சேர்கிறது, பிரிகிறது, திரும்புகிறது என்று வந்தால் அம்புக்குறி ஓட்டப்படம். "இதைவிட அது அதிகம்" என்று வந்தால் பட்டை வரைபடம். உங்கள் ஏழு வரிகளிலும் இருப்பது ஓட்டம்.

புல்லட் பட்டியலில் ஒளிந்து கிடக்கும் சங்கதி இங்கேதான் இருக்கிறது. "சுத்த நீர்", "ரிஜெக்ட்" இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் இருப்பதால் ஒன்றுக்குப் பின் ஒன்று நடக்கிற மாதிரித் தெரியும். உண்மையில் ஆர்.ஓ.வில் தண்ணீர் இரண்டாகக் கிளைக்கிறது. சுத்த நீர் நேராகச் சாயமேற்றும் இயந்திரத்துக்குத் திரும்புகிறது. உப்பு செறிந்த ரிஜெக்ட் எவாப்பரேட்டருக்குப் போகிறது. அங்கே கிடைக்கும் உப்பும், ஆவி குளிர்ந்த நீரும்கூடத் திரும்புகின்றன. பையர் பார்க்க வேண்டியது இந்தக் கிளையையும் திரும்பும் வளையத்தையும்தான். இதை எந்தப் பட்டியலாலும் காட்ட முடியாது.

இடது ஓரத்தில் "சாயமேற்றல்" என்று ஒரு பெட்டி போடுங்கள். அங்கிருந்து வலப்பக்கம் சமன் தொட்டி, உயிரியல், ஆர்.ஓ. ஆர்.ஓ.விலிருந்து சுத்த நீரின் அம்பு மேலே ஏறி, வளைந்து முதல் பெட்டிக்கே வரட்டும். ரிஜெக்ட் அம்பு கீழே எவாப்பரேட்டருக்கு இறங்கட்டும், அங்கிருந்து கிடைப்பவையும் அடிவழியாக முதல் பெட்டிக்கே வரட்டும். அம்பின் மேலேயே அளவை எழுதுங்கள்: 100 லிட்டர் உள்ளே, 85 மேலே, 15 கீழே. (இது உதாரணக் கணக்கு. உங்கள் மீட்டர் காட்டுவதைப் போடுங்கள்.) திரும்பும் அம்புகளுக்கு மட்டும் நீலம், மற்றதெல்லாம் சாம்பல். ஓரத்தில் வண்ண விளக்கக் கட்டம் வேண்டாம், கண் அங்குமிங்கும் ஓட வேண்டியிருக்கும்.

பவர்பாயின்டில் புல்லட்டைத் தேர்ந்தெடுத்து Convert to SmartArt கொடுத்தால் முடிந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். அதே வரிகள் வண்ணப் பெட்டிக்குள் போய் உட்காரும், அவ்வளவுதான். எந்தப் பெட்டியிலிருந்து எது கிளைக்கிறது என்று அதற்குத் தெரியாதுங்க. பெட்டிகளை நீங்களே போட்டு, அம்பின் நுனியைப் பெட்டி ஓரத்துப் புள்ளியில் ஒட்டவையுங்கள். பிறகு பெட்டியை நகர்த்தினால் அம்பும் கூடவே வரும்.

முடித்ததும் Slide Sorter திறந்து தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படியுங்கள். கதை புரிந்தால் சரி. அப்புறம் விஷயம் தெரியாத ஒருவரிடம், கணக்குப் பிரிவு ஆளானாலும் போதும், பேசாமல் படத்தைக் காட்டி "உப்பு எங்கே போகுது?" என்று கேளுங்கள். விரல் தடுமாறும் இடத்தில் அம்பு குறுக்கே வெட்டுகிறது அல்லது பெயர் எழுதப்படவில்லை.

"எழுத்தே இல்லையே, அனுப்பினால் எப்படிப் புரியும்?" என்று மேலாளர் கேட்பார். பழைய புல்லட்டுகள் அனைத்தையும் Notes பகுதியில் வாக்கியங்களாகப் போட்டுவைத்து, அச்சிடும்போது Notes Pages தேர்ந்தெடுங்கள். மேலே படம், கீழே விளக்கம் என்று வரும். பயன்படுத்தும் ரசாயனங்களின் பட்டியலை மட்டும் படமாக்க முயல வேண்டாம். தணிக்கைக்கு வருபவர் அதை வரிவரியாகச் சரிபார்ப்பார், அது அட்டவணையாகவே இருக்கட்டும்.