சுருக்கத்தில் விடுபடும் முதல் நாள் நிபந்தனைகள்

"அலுவலகச் செலவுக் கணக்கைச் சரிபார்க்கும் பைதான் நிரலை ஒரு சாட்பாட்டின் துணையோடு எழுதி வருகிறேன். உரையாடல் நீண்டுவிட்டதால், அதையே சுருக்கச் சொல்லிப் புதிய உரையாடலில் ஒட்டினேன். பைதான் 3.8 மட்டும், `pandas` கூடாது, மூலக் கோப்பைத் தொடக்கூடாது என்று முதல் நாளே சொன்னவை காணாமற்போய்விட்டன. எப்படிச் சுருக்குவது?"

சுருக்கம் கேட்டால், அதிகம் பேசப்பட்டவையும் கடைசியாக நடந்தவையுமே அதில் முன்னுக்கு வரும். நீங்கள் ஒருமுறை சொன்ன நிபந்தனையோ, ஒழுங்காகப் பின்பற்றப்பட்ட காரணத்தாலேயே மறுபடி பேச்சில் எழாமல் இருந்திருக்கும். அதனால்தான் அது முதலில் உதிர்கிறது. உதிராமல் தப்பினாலும் "கூடாது" என்பது "தவிர்க்க விரும்புகிறார்" என்று நீர்த்துப்போவதுண்டு.

ஆகவே நிபந்தனைகளையும் சுருக்கத்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். பழைய உரையாடலிலேயே, "நான் எழுதிய செய்திகளில் மட்டும் தேடி, நான் விதித்த ஒவ்வொரு நிபந்தனையையும் விருப்பத்தையும் என் சொற்களிலேயே, பின்னர் நான் மாற்றியிருந்தால் அந்த மாற்றத்தோடு எழுது" என்று கேட்டு வாங்கிய பின், வேலை எந்த நிலையில் நிற்கிறது என்ற சுருக்கத்தைக் கேட்கலாம். கிடைத்த பட்டியலை உரையாடலின் தொடக்கத்தோடு நீங்களே ஒப்பிட வேண்டும். மிக நீண்ட உரையாடலில் முதல் செய்திகள் கருவியின் எல்லைக்கு வெளியே போயிருக்கலாம்; அப்போது அது ஊகித்து நிரப்பக்கூடும்.

பட்டியலில் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். "`pandas` கூடாது" என்று மட்டும் இருந்தால், எக்செல் கோப்பைப் படிக்க, அதேபோல் தனியாக நிறுவ வேண்டிய `openpyxl` வந்து நிற்கும். "இந்தக் கணினியில் எதையும் புதிதாக நிறுவ அனுமதியில்லை, ஆகவே `pandas` கூடாது" என்றிருந்தால் இரண்டுக்குமே வழி அடைபடும். அதுபோலவே, ஒரு சோதனைக்காக மூலக் கோப்பில் எழுத ஒருமுறை அனுமதித்திருந்தால், அந்த அனுமதி அன்றோடு முடிந்தது என்பதையும் குறிப்பிடுங்கள். இல்லையேல் சுருக்கத்தில் அது நிலையான அனுமதியாகிவிடும்.

புதிய உரையாடலில் நிபந்தனைகளை முதலிலும் சுருக்கத்தை அதன் கீழும் வைத்து, வேலையைத் தொடருமுன் ஒரு சோதனை செய்யுங்கள். "விதிகள் நினைவிருக்கிறதா" என்று கேட்பதில் பயனில்லை, அது ஒப்பித்துவிடும். மாறாக, எக்செல் கோப்பைப் படித்துச் செலவு வகைவாரியாகப் பிரிக்கும் சிறு பகுதி ஒன்றை எழுதச் சொல்லுங்கள். விடையில் `match`–`case` அமைப்பு வந்தால் 3.8 என்ற நிபந்தனை மறைந்துவிட்டது என்று பொருள்; அது 3.10இல்தான் அறிமுகமானது, உங்கள் கணினியில் `SyntaxError` தரும். எக்செல்லைப் படிக்கும் வசதி பைதானோடு வருவதில்லை என்று சொல்லி, கோப்பைச் சிஎஸ்வி வடிவில் சேமித்துத் தரக் கேட்டால், காரணத்தோடு சேர்ந்தே உங்கள் நிபந்தனை போய்ச் சேர்ந்திருக்கிறது.