ஆகாரம் இல்லாத கேள்வி

வணக்கம் சார். தமிழில் கேள்விக்கு ‘ஆ’ இருக்கிறது, அழுத்திச் சொல்ல ‘தான்’ இருக்கிறது. அப்புறம் குரலின் ஏற்ற இறக்கத்துக்கு என்ன வேலை? ஆனால் எங்கள் வீட்டில் அம்மா “மாமா மாங்கா வாங்கினாரு” என்று சொன்னால் சில நேரம் அது செய்தி, சில நேரம் கேள்வி. எழுதினால் இரண்டும் ஒன்றுதான். காது எதை வைத்துப் பிரிக்கிறது?
— ரா., காவேரிப்பட்டணம்

அன்புள்ள ரா.,

நல்ல வாக்கியம் கொடுத்தீர்கள். மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரிக்காரர் வாயில் வேறென்ன வரும்! அதில் இன்னொரு வசதியும் உண்டு. ம, ங்க, வ, ன, ர என்று குரல் அறுபடாத எழுத்துகளே வருகின்றன. ‘பாட்டி சட்டி கேட்டா’ என்றால் ஒவ்வொரு ‘ட்ட்’டிலும் குரல் நின்றுவிடும், சுருதிக் கோடு துண்டு துண்டாகத்தான் தெரியும். மின்விசிறியை நிறுத்திவிட்டு என் அண்ணியைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்து, சுருதியைக் கோடாக வரைந்து காட்டும் Praat என்ற இலவச மென்பொருளில் திறந்து பார்த்தேன்.

செய்தியாகச் சொல்லும்போது ‘மாமா’வின் முதல் மா தாழ்ந்து நிற்கிறது, இரண்டாவது மாவில் குரல் ஏறுகிறது. ‘மாங்கா’விலும் அதே தாழ்வு, அதே ஏற்றம், ஆனால் முன்னதைவிட ஒரு படி கீழே. கடைசியில் ‘ரு’ தரைக்கு இறங்கி, பாதி விழுங்கப்படுகிறது. சொல்லின் தொடக்கத்தில் தாழ்வு, முடிவில் ஏற்றம் என்ற இந்த அமைப்பைத் தமிழில் விரிவாக ஆராய்ந்தவர் மொழியியலாளர் எலினோர் கீன். குறியீட்டில் தொடக்கத் தாழ்வை L* என்று எழுதுவார்கள். ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசையில் பெரும்பாலும் சுருதி உயர்வதால், ஆங்கிலக் காதுக்கு நம் ‘மாமா’வில் இரண்டாவது மாவில்தான் அழுத்தம் இருப்பதாகத் தோன்றக்கூடும்.

இனி கேள்வி. மாமா வாங்கியதை நம்ப முடியாமல் அண்ணி திருப்பிக் கேட்கிறார்: “மாமா மாங்கா வாங்கினாரு?” முன்பாதியில் பெரிய மாற்றம் இல்லை, மொத்தக் குரலும் சற்று மேலே நிற்கிறது, அவ்வளவுதான். தீர்ப்பு கடைசி அசையில் இருக்கிறது. செய்தியில் இறங்கிய ‘ரு’ இப்போது ஏறுகிறது. வாக்கியத்தின் விளிம்பில் வந்து நிற்கும் இதைத்தான் எல்லைத் தொனி என்கிறார்கள்: இறங்கினால் L%, ஏறினால் H%. ஏறுவதற்கு இடம் வேண்டுமே! விழுங்கப்பட்டிருந்த அந்த உகரம் நீண்டு, கிட்டத்தட்ட ‘ரூ’ ஆகிறது. நன்னூல் வினா எழுத்துகளாக எ, யா, ஆ, ஓ, ஏ என்று பட்டியல் போடுகிறது. உங்கள் அம்மாவின் கேள்வியில் அந்த எழுத்து எதுவும் இல்லை, நீண்ட உகரமும் ஏற்றமும்தான் இருக்கின்றன.

‘வாங்கினாரா’ என்று ஆகாரம் சேர்ந்துவிட்டால் சுருதிக்குப் பொறுப்பு குறைகிறது. குரலை இறக்கி, அலுத்துப்போய்க் கேட்டாலும் அது கேள்விதான். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அரைமணி நேரம் நின்றால் ‘வந்தாரா’, ‘வச்சாரா’, ‘பந்த்ரா’ என்று தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் அந்த ஆகாரத்தைக் கேட்கலாம்.

அழுத்திச் சொல்வதும் இப்படித்தான். “யாரு மாங்கா வாங்கினது?” என்று நான் கேட்க, அண்ணி “மாமா மாங்கா வாங்கினாரு” என்றார். ‘மாமா’வின் ஏற்றம் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. ஆனால் அதைவிடக் கவனிக்க வேண்டியது அதற்குப் பின்னால் நடப்பது: ‘மாங்கா வாங்கினாரு’ முழுவதும் சப்பையாகிவிட்டது. ‘மாங்கா’வின் ஏற்றம் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. முக்கியமான சொல்லை உயர்த்துவதில் பாதி, மீதியை அடக்குவதில் பாதி. “மாமா என்ன வாங்கினாரு?” என்று கேட்டபோது நிலைமை வேறு. ‘மாங்கா’ ஏற்கெனவே வினைக்கு முன்னால், தமிழில் முக்கியச் சொல் வழக்கமாக உட்காரும் இடத்தில் இருக்கிறது. அதனால் சாதாரணச் செய்திக்கும் இதற்கும் கோட்டில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ‘தான்’ கைகொடுப்பது இங்கேதான்.

நீங்களும் செய்து பார்ப்பதாக இருந்தால் இரண்டு எச்சரிக்கை. “இந்தச் சொல்லை அழுத்திச் சொல்லுங்க” என்று கேட்காதீர்கள், மேடை நாடகம்தான் வரும். கேள்வி கேட்டுப் பதிலாக வாங்குங்கள். அடுத்தது, செய்தியின் முடிவில் குரல் கரகரக்கும்போது கோடு திடீரென்று சரிபாதிக்கோ இரட்டிப்புக்கோ தாவும். 180 ஹெர்ட்ஸில் இருந்தது சட்டென்று 90 ஆனால் அது பெரும்பாலும் அண்ணியின் குரல் அல்ல, மென்பொருளின் பிழை. சுருதியின் கீழ் எல்லை 75 ஹெர்ட்ஸாக இருந்தால் பெண் குரலுக்கு 100 ஆக்கிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

அம்மாவின் இரண்டு ‘வாங்கினாரு’வையும் பதிவு செய்து, கடைசி ‘ரு’வை மட்டும் வெட்டி ஒன்றின் இடத்தில் மற்றதை ஒட்டிக் கேளுங்கள். கேட்டதை எழுதி அனுப்புங்கள்.