வரிசை மாறிய கூட்டம், குழம்பாத மினிட்ஸ்

கேள்வி: எங்கள் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். கூட்டத்தில் நிகழ்ச்சி நிரலின் வரிசைப்படி பேசுவதே இல்லை. ஆறாவது பொருளை இரண்டாவதுக்கு அப்புறம் எடுத்துவிடுகிறார்கள். மினிட்ஸை நிரலின்படி எழுதுவதா, பேசியபடி எழுதுவதா? எண்களை மாற்றிப் போடலாமா?

பதில்: பேசிய வரிசையிலேயே எழுதுங்கள். ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் நிரலில் இருந்த எண்ணையே வையுங்கள். 1, 2, 6, 3, 4 என்று எண்கள் தாவுவது பார்வைக்கு உறுத்தும்தான். அதைச் சரிசெய்யப் போகாதீர்கள். உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே அனுப்பிய தாள்களில் 'பொருள் 6' என்று இருக்கும். மினிட்ஸில் அது 3 ஆகிவிட்டால், பிற்பாடு எந்தத் தாள் எந்தத் தீர்மானத்துக்கு உரியது என்று யாராலும் சொல்ல முடியாது.

எண்கள் ஏன் தாவுகின்றன என்பதையும் அந்த இடத்திலேயே எழுதிவிட வேண்டும். தணிக்கையாளர் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். பொருள் 2 முடிந்ததும் இப்படி ஒரு வரி போதும்: "தணிக்கையாளர் முன்னதாகப் புறப்பட வேண்டியிருந்ததால், தலைவரின் முன்மொழிவின்படி, கூட்டத்தின் ஒப்புதலுடன் பொருள் 6 (தணிக்கை அறிக்கை) இப்போது எடுத்துக்கொள்ளப்பட்டது." பிறகு 5 முடிந்து 7 தொடங்கும் இடத்தில், "பொருள் 6: பொருள் 2-க்குப் பின் காண்க" என்று இன்னொரு வரி. இது இல்லாவிட்டால் நிரலைக் கையில் வைத்துப் படிப்பவர் ஆறாவது பொருள் விடுபட்டுவிட்டது என்றே நினைப்பார்.

மினிட்ஸை நிரலின் வரிசைக்கே திருப்பி அடுக்கி எழுதுகிறவர்களும் உண்டு. தேடுவதற்கு அது வசதிதான். நான் அதைப் பரிந்துரைக்காததற்குக் காரணம் வருகைப் பதிவு. ஓர் உறுப்பினர் தாமதமாக, பொருள் 3 தொடங்கும்போது வருகிறார். பேசிய வரிசையில் எழுதினால் அவர் வந்த குறிப்பு 6-க்குப் பின், 3-க்கு முன் வரும். தணிக்கை அறிக்கை ஏற்கப்பட்டபோது அவர் இல்லை என்பது தெளிவு. நிரல் வரிசைக்கு மாற்றினால், 3-இல் வந்தவர் 6-இல் இருந்திருப்பார் என்றாகிவிடும். அந்த வாக்கெடுப்பு ஓரிரு வாக்குகளில் முடிந்திருந்தாலோ, கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகையான கோரம் விளிம்பில் இருந்திருந்தாலோ, இது பெரிய தகராறில் போய் நிற்கும். உங்கள் சங்க விதிகள் நிரல் வரிசையைத்தான் கேட்கின்றன என்றால், ஒவ்வொரு பொருளும் தொடங்கிய நேரத்தையும், உறுப்பினர்கள் வந்த, போன நேரத்தையும் கட்டாயம் குறித்துவிடுங்கள்.

தீர்மான எண் வேறு, பொருள் எண் வேறு. தீர்மானங்களுக்கு நிறைவேறிய வரிசையில் தொடர் எண் கொடுங்கள். அந்தக் கூட்டத்தின் முதல் தீர்மானம் பொருள் 6-இல் நிறைவேறியிருந்தால் "தீர்மானம் 1 (பொருள் 6)" என்று இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

ஒரு பொருளைப் பாதியில் நிறுத்தி, அப்புறம் திரும்ப எடுத்தால் இரண்டு இடத்திலும் அதே எண்ணில் எழுதுங்கள்: முதலில் "பொருள் 4, ஒத்திவைக்கப்பட்டது", பிறகு "பொருள் 4, தொடர்ச்சி". முதல் பகுதியில் பேசியதை இரண்டாவதோடு சேர்த்து ஒன்றாக்கிவிட வேண்டாம்; இடையில் வேறொரு தீர்மானம் நிறைவேறியிருந்தால், அதற்குப் பிறகு கருத்தை மாற்றிக்கொண்டவர் யார் என்பது அதில் மறைந்துபோகும்.