பாதத் தொய்வு: வேரா, நரம்பா?

"பாதத்தைத் தூக்க முடியவில்லை என்றால் கோளாறு முதுகெலும்பிலிருந்து வரும் எல்5 நரம்பு வேரிலா, காலில் ஓடும் பெரோனியல் நரம்பிலா?"

தோலை மட்டும் நம்பாதீர்கள். இரண்டிலும் புறங்கால்தான் மரத்துப்போகும். பக்கத்து வேர்களின் பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், ஒற்றை வேர் பழுதானால் பஞ்சுத் தொடுதல் பெரும்பாலும் தெரியும். குண்டூசிதான் குறையைக் காட்டும்.

பிரித்துக் காட்டுவது தசை. பாதத்தை உட்புறம் திருப்பும் டிபியாலிஸ் போஸ்டீரியர் தசைக்கும் முக்கிய வேர் எல்5தான். ஆனால் போகும் நரம்பு டிபியல். ஆகவே பெரோனியல் பழுதில் அது பலமாகவே இருக்கும்.

மாணவர்கள் தவறுவது இங்கேதான்: உட்திருப்பலைத் தொங்கும் பாதத்தில் சோதித்தால் யாருக்கும் பலவீனமாகத் தோன்றும். கணுக்காலை 90 டிகிரியில் கையால் தாங்கிக்கொண்டு சோதியுங்கள்.

உட்திருப்பல் பலவீனமா? ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேலே இருக்கும் காலைத் தூக்கச் சொல்லி, எதிர்த்து அழுத்துங்கள். அந்த இடுப்புத் தசைக்கும் முக்கிய வேர் எல்5தான், ஆனால் போகும் நரம்பு வேறு. அதுவும் தளர்ந்தால் வேர். தளராவிட்டால், பெரோனியலும் டிபியலும் பிரியும் சயாட்டிக் நரம்பையும் யோசியுங்கள்.