‘அவகிட்ட கேட்டுட்டுச் சொல்றேம்மா!’

கேள்வி: நானும் கணவரும் சொந்த வீட்டுக்காகச் சேமிக்கிறோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது மாமனார், மாமியாரிடமிருந்து பணம் கேட்டு போன் வந்துவிடுகிறது. ‘கடனாகத்தான்’ என்பார்கள், இதுவரை திரும்பி வந்ததில்லை. மறுத்தால் கெட்ட பெயர் எனக்குத்தான். என்ன செய்வது?

பதில்: போன் வந்ததும் உங்கள் கணவர் என்ன சொல்கிறார்? ‘அவகிட்ட கேட்டுட்டுச் சொல்றேம்மா’ என்றுதானே? கெட்ட பெயர் அங்கேதான் பிறக்கிறது. மறுநாள் ‘முடியாது’ என்று பதில் போனால், மகன் கொடுக்க நினைத்தான், மருமகள் தடுத்துவிட்டாள் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறென்ன தோன்றும்? அவருடைய பெற்றோரிடம் அவர்தான் பேச வேண்டும். அதுவும் ‘நான் முடிவு பண்ணியிருக்கேன்’ என்று, உங்களை இழுக்காமல். உங்கள் பிறந்த வீட்டிலிருந்து போன் வந்தால் அது உங்கள் வேலை. (அந்தப் பக்கம் ஏதாவது போகிறதா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. போகிறதென்றால் அதையும் இதே கணக்கில் எழுதுங்கள்.)

பேசுவதற்கு முன் இருவரும் உட்கார்ந்து ஒரு வேலை செய்யுங்கள். கடந்த 12 மாத வங்கிக் கணக்கை எடுத்து, அனுப்பிய தொகையையும் அப்போது சொன்ன காரணத்தையும் வரிசையாக எழுதுங்கள். அறுவை சிகிச்சை, ஒழுகிய கூரை என்று ஒருமுறை வந்து போன செலவு ஒரு வகை. வீட்டுச் செலவு, பழைய கடனின் தவணை என்று ஒரே காரணம் மூன்று நான்கு தடவை வந்திருந்தால் அது அவசரம் இல்லை. அவர்கள் வரவு அவர்கள் செலவுக்குப் போதவில்லை என்று அர்த்தம். இதற்கு அவ்வப்போது அள்ளிக் கொடுப்பது மருந்தாகாது. அவர்களும் ஒவ்வொரு முறையும் கூச்சப்பட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது.

அடுத்து, அந்தப் பணம் உங்கள் வீட்டை எவ்வளவு தள்ளிப்போடுகிறது என்று பாருங்கள். உங்கள் இருவர் சம்பளத்தையும் சேர்த்து 100 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 20 சேமிக்கிறீர்கள். முன்பணத்துக்கு ஒரு வருடச் சம்பளம், அதாவது 1,200 வேண்டும். வட்டியை விட்டுவிட்டால் 60 மாதம் ஆகும். அந்த 20-ல் சராசரியாக 5 ஊருக்குப் போனால் 80 மாதம். இந்த 20 மாதத் தாமதத்தை இருவரும் மனதார ஏற்றுக்கொண்டால் தாராளமாகக் கொடுங்கள், பிறகு முணுமுணுக்காதீர்கள். 2 மட்டும்தான் முடியும் என்றால் அது சுமார் 67 மாதம். எந்த எண் என்பதை நீங்கள் இருவரும் முடிவு செய்யுங்கள், நான் சொல்ல மாட்டேன்.

அந்தத் தொகையைச் சம்பளம் வந்த மறுநாளே, கேட்காமலே அனுப்பிவிடுங்கள். கணவர் பேச வேண்டியது இவ்வளவுதான்: ‘அம்மா, இனிமே மாசாமாசம் இவ்வளவு நானே அனுப்பிடுறேன். அதுக்கு மேல என்னால முடியாது.’

காரணம் மட்டும் சொல்லவே கூடாது. ‘இப்போ கையில இல்லம்மா’ என்றால் ‘சரி, அடுத்த மாசம் தா’ என்பார்கள். ‘வீட்டுக்குச் சேர்க்கிறோம்’ என்றால் ‘வீடு எங்கே ஓடிப்போகுது?’ என்பார்கள். காரணத்துக்கு எதிர்வாதம் உண்டு. தொகைக்கும் தேதிக்கும் கிடையாது. முதல் இரண்டு மூன்று மாதம் வருத்தப்படுவார்கள், நாத்தனார் மூலம் தூது வரும். அந்த நேரத்தில் ‘இந்த ஒரு தடவை மட்டும்’ என்று இளகினால், அழுத்திக் கேட்டால் கிடைக்கும் என்று நீங்களே சொல்லிக் கொடுத்ததாகிவிடும்.

மருத்துவச் செலவு வேறு. அதற்கென்று தனியாக ஒரு சிறு தொகையை ஒதுக்கி வையுங்கள். தேவை வரும்போது முடிந்தவரை மருத்துவமனைக்கே நேராகக் கட்டுங்கள். ‘கடன்’ என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். திரும்பி வராது என்று தெரிந்தே கொடுத்துவிட்டு வரவில்லையே என்று புழுங்குவதைவிட, ‘இது உங்களுக்குத்தான், திருப்பித் தர வேண்டாம்’ என்று சொல்லிக் கொடுத்துவிடலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரொக்கம் நின்றால் அடுத்து வருவது பெரும்பாலும் ‘ஜாமீன் கையெழுத்து மட்டும் போடு, பணம் வேண்டாம்’ என்பது. பணம் கொடுப்பதைவிட ஆபத்தானது அது. அவர்கள் தவணை தவறினால் வங்கி உங்கள் கணவரைத்தான் தேடி வரும். தவறாவிட்டாலும், நாளை நீங்கள் வீட்டுக் கடன் கேட்கும்போது அந்தக் கடனையும் அவர் தலையில் இருக்கும் பொறுப்பாகக் கணக்கிட்டு உங்களுக்குத் தரும் தொகையை வங்கி குறைக்கலாம். கொடுத்த பணம் போனால் அதோடு போயிற்று. கையெழுத்து அந்தக் கடன் முடிகிறவரை கூடவே வரும். அதற்கு மட்டும் யார் வந்து அழுதாலும் அவர் பேனாவைத் திறக்க வேண்டாம்.