நேவி மட்டும் ஏறட்டும்: தாமதமான ஆர்டரில் ஏர் ஃபிரைட் செலவைப் பங்கு போடுவது

கேள்வி: ஐயா, நாங்கள் திருப்பூரில் சின்ன அளவில் எக்ஸ்போர்ட் செய்கிறோம். ஜெர்மனி பையருக்கு 12,000 டி-ஷர்ட், எஃப்.ஓ.பி. தூத்துக்குடி, பீஸ் 3.60 யூரோ. வெள்ளையும் கிரே மெலாஞ்சும் சேர்த்து 7,800 பீஸ் தேதிக்குத் தயாராகிவிடும். நேவி ப்ளூ 4,200 பீஸ் மட்டும் ஷேட் சரியாக வராமல் மறுபடி டையிங் போனதில் 16 நாள் தள்ளிப்போகிறது. லேப் டிப், அதாவது சாயம் போட்ட மாதிரித் துண்டுக்கு அப்ரூவல் தர பையரும் 6 நாள் தாமதித்தார். இப்போது 12,000 பீஸையும் எங்கள் செலவில் ஏரில் அனுப்பு, இல்லையென்றால் 5 சதவீதம் டிஸ்கவுன்ட் கொடு என்கிறார். பாதியை ஏரில் அனுப்பி செலவைப் பங்கு போடலாம் என்று எப்படிக் கேட்பது?

பதில்: பங்கு பேசுவதற்கு முன்னால் எத்தனை பீஸ் ஏற வேண்டும் என்பதை முடிவு செய்யுங்கள். இந்தப் பேச்சில் பணம் மிச்சமாவது பெரும்பாலும் அங்கேதான். எத்தனை சதவீதம் யாருக்கு என்று நாள்கணக்கில் இழுபறி செய்து கிடைப்பதைவிட, ஏற்றும் கார்ட்டனைக் குறைத்துக் கிடைப்பது அதிகம்.

வெள்ளையையும் மெலாஞ்சையும் நேவிக்காக நிறுத்தி வைக்காதீர்கள். அந்த 7,800 பீஸ் முதலில் சொன்ன கப்பலிலேயே போகட்டும். செங்கடல் வழி சிக்கலாகி, கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கிய பிறகு, தூத்துக்குடியிலிருந்து கொழும்பில் கப்பல் மாறி ஹாம்பர்க் போய்ச் சேர ஐந்து வாரம் என்று வைத்துக்கொள்வோம். நேவி 16 நாள் கழித்துத் தயாராகிறது. ஏரில் போட்டால் இரண்டு பக்கக் கஸ்டம்ஸ், குடோன் டெலிவரி எல்லாம் சேர்த்து ஏழு நாள். ஆக 23-வது நாள் நேவி பையரின் கிடங்கில் இருக்கும். வெள்ளை வருவது 35-வது நாள். எல்லாக் கலரும் ஒன்றாக வந்து சேர வேண்டும் என்ற பையரின் கவலை இதிலேயே தீர்ந்துவிடுகிறது. தேதி போட்டு இந்தக் கணக்கை முதல் மெயிலிலேயே காட்டுங்கள். 12,000 பீஸும் ஏற வேண்டும் என்ற பேச்சு அதோடு நின்றுவிடும்.

கையில் 12 நாள் இடைவெளி இருப்பதால் விலை அதிகமான நேரடி விமானமும் தேவையில்லை. வளைகுடா வழியாக ஓரிரு நாள் கூடுதலாக எடுக்கும் மலிவான சர்வீஸுக்கும் ரேட் கேளுங்கள். துபாய் வரை கப்பல், அங்கிருந்து விமானம் என்று ஒரு வழி உண்டு, அது இன்னும் மலிவு. ஆனால் அதற்கு மூன்று வாரம் ஆனால் 37-வது நாள் ஆகிவிடும், துபாயில் சரக்கு தேங்கினால் இன்னும் போகும். இந்த ஆர்டருக்கு நான் அதைத் தொடமாட்டேன்.

அடுத்து, நேவி 4,200-ம் ஏற வேண்டுமா? கடைகளுக்கு முதலில் பிரித்து அனுப்புவது எத்தனை, பின்னால் ரீஃபில்லுக்கு வைத்திருப்பது எத்தனை என்று பையரிடம் நேராகக் கேளுங்கள். அவர்களின் பிளானிங் ஆட்களிடம் இந்தக் கணக்கு இருக்கும். 60 சதவீதம் முதல் சுற்றுக்கு என்று சொன்னால் 2,520 பீஸ், கார்ட்டனுக்கு 60 வீதம் 42 கார்ட்டன் ஏறினால் போதும். மீதி 1,680 பீஸ் அடுத்த கப்பலில் போகலாம். அந்த 42 கார்ட்டனிலும் ஆர்டரின் சைஸ் ரேஷியோ அப்படியே இருக்க வேண்டும். முதலில் தைத்து முடித்த எம், எல் சைஸை மட்டும் அள்ளிப் போட்டு அனுப்பினால், கடையில் எஸ்-உம் எக்ஸ்.எல்-உம் இல்லாமல் நிற்கும். ஏர் காசு கொடுத்தும் குறை தீராது. ஆகவே லைனில் இன்றே சைஸ் வரிசையை மாற்றுங்கள்.

இனி எடைக்கணக்கு. ஏரில் கார்ட்டனின் நிஜ எடை, கன எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. கன எடை என்பது நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுப்பது. உங்கள் கார்ட்டன் வழக்கமான 60 × 40 × 40 என்றால் கன எடை 16 கிலோ. டி-ஷர்ட் 60 போட்டு நிஜ எடை 13 கிலோ என்று வைத்தால், ஒவ்வொரு கார்ட்டனுக்கும் 3 கிலோ வெறும் காற்றுக்குப் பணம் கட்டுகிறீர்கள். அதே 60 பீஸை அழுத்தி மடித்து 60 × 40 × 30 கார்ட்டனில் போட முடிந்தால் கன எடை 12-க்கு இறங்கி, 13 கிலோவுக்கு மட்டும் கட்டினால் போதும். ஒரு கார்ட்டனை முதலில் பேக் செய்து, தராசில் வைத்து, டேப் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் உப்பினால் ஏர்போர்ட்டில் உப்பிய அளவைத்தான் எழுதுவார்கள். கார்ட்டன் சைஸை மாற்ற பையரின் கிடங்கு ஒப்புக்கொள்ள வேண்டும், அதையும் அதே மெயிலில் கேட்டுவிடுங்கள்.

ரேட் வாரத்துக்கு வாரம் மாறும். கணக்குக்காகக் கிலோ 260 ரூபாய், எரிபொருள், செக்யூரிட்டி சர்சார்ஜ் எல்லாம் சேர்த்து என்று வைக்கிறேன். 42 கார்ட்டன், 13 கிலோ வீதம் 546 கிலோ, அதாவது 1,41,960 ரூபாய். பழைய கார்ட்டனில் இதுவே 672 கிலோ, 1,74,720 ரூபாய் ஆகியிருக்கும். பையர் கேட்டபடி 200 கார்ட்டனும் பழைய அளவில் ஏறினால் 8,32,000. (500 கிலோவைத் தாண்டும்போது ரேட் ஒரு படி இறங்கும். உங்கள் எடை 480 என்று வந்தால், 500 கிலோ என்றே போட்டு அந்த ரேட்டில் கட்டுவது மலிவாக இருக்கலாம். விமானத்தில் இடம் பிடித்துத் தரும் ஃபார்வர்டர் தானாகச் சொல்லமாட்டார், கேளுங்கள்.)

பங்கு போட வேண்டியது 1,41,960 முழுவதையும் அல்ல. எஃப்.ஓ.பி. ஆர்டரில் கடல் வாடகை பையருடையது. இந்த 42 கார்ட்டன் கப்பலில் போயிருந்தால் அவர் எப்படியும் கொடுத்திருப்பார். பழைய கார்ட்டன் அளவில் அது 4.03 கன மீட்டர். அவருடைய சரக்கு பல சப்ளையர்களோடு சேர்ந்து கன மீட்டர் கணக்கில் போகிறது, ஒன்றுக்கு 5,000 ரூபாய் என்று வைத்தால் சுமார் 20,160 ரூபாய் அவருக்கு மிச்சம். அதைக் கழித்தால் உண்மையான கூடுதல் செலவு 1,21,800. ஒன்று கவனியுங்கள்: அவர் உங்கள் ஆர்டருக்கே தனியாக ஒரு முழுக் கன்டெய்னர் எடுத்திருந்தால், 42 கார்ட்டன் குறைவதால் கன்டெய்னர் வாடகை குறையாது. அப்போது இந்தக் கழிவைக் கேட்பது நியாயமில்லை, கேட்டால் உங்கள் மற்றக் கணக்கையும் சந்தேகமாகப் பார்ப்பார்.

1,21,800-ஐ தாமத நாட்களின்படி பிரியுங்கள். 16 நாளில் 10 உங்களுடையது, 6 அவருடையது. உங்கள் பங்கு 76,125. அவர் பங்கு 45,675, அதோடு அவர் எப்படியும் கொடுத்திருக்க வேண்டிய 20,160-ஐயும் சேர்த்தால் 65,835.

அந்த 6 நாளில்தான் சண்டை வரும். லேப் டிப் அனுப்பிய கூரியர் தேதி, ஒவ்வொரு வேலைக்கும் தேதி குறித்த டி.என்.ஏ. காலண்டரில் அப்ரூவலுக்கு எழுதியிருந்த தேதி, அப்ரூவல் மெயில் வந்த தேதி மூன்றையும் ஒரே வரியில் வைத்துக் காட்டுங்கள். இதில் பலவீனமான இடம் ஒன்று உண்டு: அப்ரூவல் தாமதமான அன்றே "இதனால் எக்ஸ்-ஃபேக்டரி தேதி தள்ளும்" என்று நீங்கள் மெயில் போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால் 6 நாளும் உங்களுக்கு நிற்கும். போடாமல் இப்போது வந்து சொன்னால், "அப்போதே ஏன் சொல்லவில்லை" என்பார், அதில் அவர் பக்கமும் ஞாயம் இருக்கிறது. அப்படியானால் 3 நாளுக்கு இறங்கி வாருங்கள். இன்னொன்று, அந்த 6 நாளும் உங்கள் யார்ன் வராமல் சும்மா காத்திருந்த நாட்களாக இருந்தால், அவர் தாமதம் உங்களை எதிலும் நிறுத்தவில்லை. அப்போது அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஷேட் விஷயத்தையும் மறைக்க வேண்டாம். லைட் பாக்ஸில் பகல் வெளிச்சமான டி65-ல் சரியாகத் தெரிந்தது, கடை வெளிச்சமான டி.எல்.84-ல் சிவப்பு அடித்தது, அதனால் நாங்களே திருப்பி அனுப்பினோம் என்று காரணத்தோடு எழுதினால் மதிப்பு கூடும். "சில தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று தொடங்கும் மெயிலை எந்த பையரும் இரண்டாம் வரிக்கு மேல் படிப்பதில்லை.

மெயிலில் மூன்று வழி கொடுக்காதீர்கள், ஒரே வழி கொடுங்கள்: 7,800 பழைய கப்பலில், நேவி 2,520 இந்தத் தேதி ஏரில், நேவி 1,680 அடுத்த கப்பலில், செலவுப் பங்கு இவ்வளவு. கீழே ஒரு வரி கட்டாயம் வேண்டும்: இதை ஏற்றுக்கொண்டால் இந்த ஆர்டரில் தாமதத்துக்காக வேறு டிஸ்கவுன்டோ டெபிட் நோட்டோ கிடையாது, 1,680 பீஸுக்கும் சேர்த்து. இந்த வரி இல்லாமல் ஏரில் ஏற்றிவிட்டு, மூன்று மாதம் கழித்து 5 சதவீதம் டெபிட் நோட் வாங்கியவர்கள் நம் ஊரில் நிறைய. பதில் மெயில் வராமல் சரக்கு ஏர்போர்ட் போகக் கூடாது.

பணம் எப்படிக் கைமாறுவது என்பதையும் அதில் எழுதுங்கள். ஏர்வே பில்லில் வாடகை முழுவதும் அனுப்புபவர் கட்டும் ப்ரீபெய்டாகவோ முழுவதும் பெறுபவர் கட்டும் கலெக்டாகவோதான் இருக்க முடியும், பாதிப் பாதி கிடையாது. கலெக்டில் போட்டு, பையர் உங்கள் பங்கை இன்வாய்ஸில் பிடித்துக்கொண்டால், ஏற்றுமதிப் பணம் வந்ததா என்று பேங்க் பார்க்கும் இ.டி.பி.எம்.எஸ்-ல் அந்தத் தொகை வராத பாக்கியாக நிற்கும், அதைத் தீர்க்க அலைய வேண்டும். நீங்களே ப்ரீபெய்டாகக் கட்டி, பையரின் பங்கான 65,835-ஐ யூரோவில் இன்வாய்ஸில் தனி வரியாகப் போடுவது சுத்தம். ஷிப்பிங் பில்லில் எஃப்.ஓ.பி. மதிப்பு தனியாக, ஃபிரைட் தனியாக வரும்படி உங்கள் கஸ்டம்ஸ் ஏஜென்டான சி.எச்.ஏ-விடம் சொல்லுங்கள், அரசு திருப்பித் தரும் டிராபேக் எஃப்.ஓ.பி-யின் மேல்தான். ப்ரீபெய்டில் ஃபார்வர்டர் பில்லில் 18 சதவீத ஜி.எஸ்.டி. வரும். கிரெடிட் கிடைக்கும், ஆனால் அதுவரை பணம் முடங்கும் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பையரின் ஃபார்வர்டருக்கு உங்களைவிட நல்ல ரேட் இருக்கலாம், அவரிடமும் ஒரு ரேட் வாங்கி மலிவானதை எடுங்கள்.

பையரின் பேங்க் பணத்துக்கு உறுதி தரும் எல்.சி. ஆர்டர் என்றால் பார்ஷியல் ஷிப்மென்ட் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றுமே சொல்லவில்லை என்றால் எல்.சி-க்கான சர்வதேச விதியான யு.சி.பி. 600-ன்படி அனுமதி உண்டு. "நாட் அலவ்ட்" என்றிருந்தால் அமெண்ட்மென்ட் வேண்டும். பில் ஆஃப் லேடிங் மட்டும் கேட்டிருந்தால் ஏர்வே பில்லையும் சேர்க்கச் சொல்ல வேண்டும், கடைசி ஷிப்மென்ட் தேதியையும் தள்ள வேண்டும். பணம் கட்டினால்தான் பேங்க் டாக்குமென்ட் கொடுக்கும் டி.பி. டெர்ம்ஸ் என்றால் அதைவிடக் கவனம் தேவை. பில் ஆஃப் லேடிங் மாதிரி ஏர்வே பில் சரக்குக்கு உரிமைப் பத்திரம் அல்ல. கன்சைனியாக, அதாவது சரக்கைப் பெறுபவராக பையர் பெயரைப் போட்டால், பணம் கட்டாமலே சரக்கை எடுத்துக்கொண்டு போகலாம். அவருடைய பேங்கிடம் முன்கூட்டியே கேட்டு, அவர்கள் ஒப்புக்கொண்டால் பேங்க் பெயரில் அனுப்புங்கள். ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அந்த 2,520 பீஸுக்கு மட்டும் முன்பணம் கேளுங்கள்.

இவ்வளவுக்கும் பையர் மசியவில்லை என்றால் எங்கே நிற்பது? ஒரு யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்தால் ஆர்டர் மதிப்பு 43,20,000, அதில் 5 சதவீதம் 2,16,000. 2,520 பீஸின் ஏர் வாடகை முழுவதையும் நீங்களே கட்டினாலும் 1,41,960-தான். ஆக டிஸ்கவுன்ட் வழிக்குப் போகாதீர்கள். கடைசியில் முழு ஏர் வாடகையையும் ஏற்றுக்கொண்டாலும், அவர் பங்கு தராததற்கு ஈடாக மீதி 1,680-க்கு கிளெய்ம் கிடையாது என்ற வரியை மட்டும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.