தெத்துப்பல்: நான்கு பற்களை எடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. மேலே இரண்டு பக்கமும் கோரைப்பல் தெத்திக்கொண்டு நிற்கிறது. கீழ் முன்பற்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. 7 வயதில் சொத்தை என்று மேல்வரிசையின் கடைசிப் பால்பற்களை இரண்டு பக்கமும் எடுத்துவிட்டோம். மேலே 9 மி.மீ., கீழே 6 மி.மீ. இடம் குறைவு என்று அளவெடுத்த சீட்டில் எழுதியிருக்கிறார்கள். ஒரு டாக்டர் நான்கு பற்களை எடுத்துவிட்டுக் கிளிப் போடலாம் என்கிறார். இன்னொருவர் ஒரு பல்லையும் எடுக்காமலே சரிசெய்கிறேன் என்கிறார். சும்மா இருக்கும்போது அவளுக்கு உதடு மூடுவதில்லை. மேல்பல்லை எடுத்தால் கண் பார்வை கெடும் என்று மாமியார் பயப்படுகிறார். தெத்திய இரண்டை மட்டும் எடுத்தால் போதாதா?
— வாசகி, திண்டுக்கல்

மருத்துவர் பதில்: சீட்டில் உள்ள இரண்டு எண்களைவிட, உதடு மூடுவதில்லை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகளுக்குப் பல் எடுத்துச் செய்யும் சிகிச்சையே பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆனால் எடுக்க வேண்டியது கோரைப்பல் அல்ல. பக்கவாட்டு எக்ஸ்ரேயான செபலோகிராமையும் ஈறையும் நேரில் பார்த்தவர் இதை உறுதிசெய்ய வேண்டும். நான் ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது புரிந்தால் இரண்டு டாக்டர்களிடமும் சரியான கேள்வியைக் கேட்க உங்களுக்கு உதவும்.

இந்த நெருக்கடி எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். மேலே வந்ததற்கும் கீழே வந்ததற்கும் காரணம் வேறு. 6 வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல், தனக்கு முன்னால் நிற்கும் கடைசிப் பால்பல்லின் மேல் சாய்ந்தபடிதான் தன் இடத்தில் நிற்கும். 7 வயதில் அந்தப் பால்பல் போனதும் தடுக்க ஆளில்லாமல் அது முன்னால் நகர்ந்துவிட்டது. மேல்வரிசையில் கோரைப்பல் 11, 12 வயதில், பெரும்பாலும் தனக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே வரும் முன்கடைவாய்ப்பற்களுக்குப் பிறகு இறங்கும். அதற்குள் வரிசையில் இருந்த இடம் தீர்ந்துபோயிருக்கும். அதனால்தான் அது ஈறின் மேலே வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு முளைக்கிறது. கீழே கோரைப்பல் 9, 10 வயதிலேயே வந்துவிடும். அங்கே இடம் போதாவிட்டால் முன்பற்கள் திரும்பிக்கொள்ளும். வீட்டில் சின்னக் குழந்தைக்கு இதேபோல் பால்பல்லை எடுக்க நேர்ந்தால், இடம் பிடித்து வைக்கும் சிறு கம்பி போட வேண்டுமா என்று அன்றைக்கே கேளுங்கள்.

கீழே உள்ள 6 மி.மீ. அப்படி வந்ததல்ல. அது பல்லின் அகலத்துக்கும் தாடையின் அளவுக்கும் உள்ள பொருத்தமின்மை. பரம்பரைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. உணவுக்கும் பங்கு இருக்கிறது. மானுடவியலாளர் ராபர்ட் கொருச்சினி 1980களில் சண்டிகர் பக்கத்து இளைஞர்களை ஆராய்ந்தபோது, கிராமத்தாரைவிட நகரத்தாருக்குப் பல்வரிசைக் கோளாறு அதிகம் இருந்தது. மென்மையான உணவால் தாடைக்கு வேலை குறைந்ததே காரணம் என்பது அவர் முடிவு. ஆனால் இப்போது கரும்பு கடிக்க வைத்தால் 14 வயதில் இடம் உண்டாகாது. "வளரட்டும், தாடை பெரிதானால் தானே இடம் வரும்" என்று காத்திருப்பதிலும் பயனில்லை. இந்த வயதுக்குப் பிறகு கீழ்த்தாடை பின்பக்கமாக நீளும். முன்வரிசை உட்காரும் வளைவு கூடாது, வருஷம் போகப்போகக் கொஞ்சம் குறையவே செய்யும். ஞானப்பல் முளைத்து முன்பற்களை நெருக்குகிறது என்ற நம்பிக்கையும் ஆய்வுகளில் நிற்கவில்லை.

இனி கணக்கு. பல் எடுக்காமல் இடம் சம்பாதிக்க நான்கு வழிகள் உண்டு. பற்களின் பக்கவாட்டு எனாமலை இழைத்துக் குறைக்கலாம். வரிசையைப் பக்கவாட்டில் விரிக்கலாம். கடைவாய்ப்பற்களைப் பின்னுக்குத் தள்ளலாம். முன்பற்களை முன்னால் சாய்க்கலாம். கீழ்வரிசையில் கோரைப்பல்லிலிருந்து கோரைப்பல் வரை பல்லும் பல்லும் தொடும் இடங்கள் ஐந்து. ஒவ்வொன்றிலும் 0.5 மி.மீ. இழைத்தால் 2.5 மி.மீ. கிடைக்கும். விரிப்பதில் 1.5 மி.மீ. வரலாம். கோரைப்பற்களுக்கு இடையே அதற்குமேல் விரித்தால் கிளிப்பை எடுத்தபின் பெரும்பாலும் பழைய அகலத்துக்கே திரும்பிவிடும். முன்பற்களை 1 மி.மீ. முன்னால் சாய்த்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து 2 மி.மீ. ஆக மொத்தம் 6. மேலே, முன்னால் வந்துவிட்ட கடைவாய்ப்பற்களை, பிடிமானத்துக்காகத் தாடை எலும்பில் தற்காலிகமாகப் பொருத்தும் மினி ஸ்க்ரூ உதவியோடு பக்கத்துக்கு 2 மி.மீ. பின்னால் தள்ளினால் 4, இழைப்பதில் 2, விரிப்பதில் 1, சாய்ப்பதில் 2. மொத்தம் 9. இரண்டாவது டாக்டர் சொல்வது பொய்யல்ல. காகிதத்தில் கணக்கு சரியாகவே வருகிறது.

இடம் கிடைக்குமா என்பதோடு கேள்வி முடிந்துவிட்டால் நானும் அவர் பக்கம் நிற்பேன். முடிவில் முன்பற்கள் எங்கே போய் நிற்கும் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. பாடம் படிக்கும்போதோ டிவி பார்க்கும்போதோ அவளுக்குத் தெரியாமல் பக்கவாட்டில் நின்று பாருங்கள். உதடுகளுக்கு நடுவே 4 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கிறதா? வாயை மூடச் சொன்னால் முகவாய்த் தசை இறுகி, தோல் ஆரஞ்சுப்பழத் தோல்போல் குழிகுழியாகிறதா? இரண்டும் இருந்தால் முன்பற்கள் இப்போதே முன்னால் தள்ளி நிற்கின்றன என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். நம் ஊர் முகங்களில் இது சகஜம். அவற்றை இன்னும் 1 மி.மீ. முன்னால் சாய்த்தால் பல்வரிசை அழகாகும், உதடு மட்டும் மூடவே மூடாது. கீழ் முன்பற்களின் வெளிப்பக்க எலும்பு மிக மெல்லியது. ஈறும் மெல்லியதாக, வேரின் வடிவம் வெளியே தெரியும்படி இருந்தால், சாய்த்த சில வருஷங்களில் ஈறு கீழிறங்கி வேர் வெளியே தெரியக்கூடும்.

பல் எடுப்பதென்றால் எடுப்பது கோரைப்பல்லுக்கு அடுத்த முதல் முன்கடைவாய்ப்பல். மேலே இரண்டு, கீழே இரண்டு. கோரைப்பல்லுக்கு வாயிலேயே மிக நீளமான வேர் உண்டு. வாயின் மூலையைத் தாங்கி நிற்பதும், தாடையைப் பக்கவாட்டில் அசைக்கும்போது மற்றப் பற்களுக்கு உராய்வு வராமல் காப்பதும் அதுதான். தெத்தியிருக்கிறது என்று அதை எடுத்தால் வெட்டுப்பல்லுக்குப் பக்கத்தில் முன்கடைவாய்ப்பல் வந்து நிற்கும். அது பார்வைக்கும் பொருந்தாது, அந்த வேலைக்கும் தாங்காது. முதல் முன்கடைவாய்ப்பல்லை எடுத்தால் நெருக்கடிக்குப் பக்கத்திலேயே இடம் கிடைக்கிறது, அதன் வேலையைப் பின்னால் நிற்கும் அதே ஜாதிப் பல் பார்த்துக்கொள்ளும். எக்ஸ்ரேயில் இரண்டாவது முன்கடைவாய்ப்பல் பெரிய சொத்தையோடு இருந்தால், நல்ல பல்லை விட்டுவிட்டு அதை எடுப்பதே சரி.

முதல் முன்கடைவாய்ப்பல்லின் அகலம் சுமார் 7 மி.மீ. ஆக வரிசைக்கு 14 மி.மீ. கிடைக்கும். மேலே நெருக்கடி தீர 9 போனால் மிச்சம் 5. முன்பற்களை 2.5 மி.மீ. பின்னால் கொண்டுபோக அது சரியாக இருக்கும். கீழே 6 போனால் மிச்சம் 8. முன்பற்கள் 2 மி.மீ. பின்னால் போக 4, கடைவாய்ப்பற்கள் பக்கத்துக்கு 2 மி.மீ. முன்னால் வர 4. பால்பல் போனதால் மேல் கடைவாய்ப்பற்கள் முன்னால் வந்து, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் கடி மாறியிருக்கும் என்பதால், கீழே இப்படி 2 மி.மீ. முன்னால் வருவது அந்தக் கடியையும் நேராக்கும். முன்பல் பின்னால் போகும் தூரத்தில் சுமார் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு உதடும் பின்னால் போகும். உதடு சிரமமில்லாமல் மூட அது பெரும்பாலும் போதும்.

இதிலும் தவறு நேரும். மேலே மிச்சம் 5 மி.மீ.தான் என்று பார்த்தோம். முன்பற்களை இழுக்கும்போது அதே விசையால் கடைவாய்ப்பற்கள் முன்னால் வந்துவிட்டால் அந்த இடம் வீணாகிவிடும். பல்லை எடுத்த பிறகும் உதடு பழையபடியே நிற்கும். அதனால் மேலே மினி ஸ்க்ரூ போடுவீர்களா என்று முதல் டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். அவசரமாக இழுத்தால் பல்லின் தலை மட்டும் சாய்ந்து இடத்தை மூடும், வேர்கள் விலகியே நிற்கும். அப்படி மூடிய இடம் பிறகு திறந்துகொள்ளும். இடம் மூடுவது மாதத்துக்கு 1 மி.மீ. அளவில் நடப்பதுதான் முறை. முழுச் சிகிச்சைக்கு ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகும். முகம் ஒடுங்கிவிடும் என்ற பயம், உதடு ஏற்கெனவே தட்டையாக இருக்கும் பிள்ளைக்குப் பல் எடுத்து முன்பற்களை அதிகம் இழுத்தால் நியாயமானது. நீங்கள் சொல்லும் முகத்துக்கு அது பொருந்தாது.

மாமியாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள். கண் பார்வைக்கான நரம்பு கண்ணிலிருந்து நேரே மூளைக்குப் போகிறது. மேல்பற்களின் உணர்ச்சியைச் சுமப்பது வேறு நரம்பு. முன்கடைவாய்ப்பல்லை எடுப்பதால் பார்வை கெடாது.

நேரில் பார்க்கும்போது உதடு தானாக மூடுகிறது, செபலோகிராமில் முன்பற்கள் நிமிர்ந்தே நிற்கின்றன, ஈறு தடிமனாக இருக்கிறது என்றால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன். அப்போது இரண்டாவது டாக்டரின் திட்டமே நல்லது, நான்கு பற்களும் மிஞ்சும். ஆகவே அவரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். எங்கெங்கே எவ்வளவு இழைப்பீர்கள்? மேல் கடைவாய்ப்பற்களை எத்தனை மி.மீ., எதைப் பிடிமானமாக வைத்துத் தள்ளுவீர்கள்? சிகிச்சை முடியும்போது முன்பல்லின் நுனி இப்போதைவிட எத்தனை மி.மீ. முன்னால் இருக்கும்? மூன்றாவதுக்கு எண்ணாகப் பதில் வராவிட்டால், "எடுக்காமலே முடிக்கிறேன்" என்பதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். "முதலில் கிளிப் போட்டுப் பார்ப்போம், தேவைப்பட்டால் பிறகு எடுக்கலாம்" என்பது எடுப்பதா வேண்டாமா என்று உறுதியாகச் சொல்ல முடியாத கேஸ்களில் நல்ல வழி. உதடு மூடாத பிள்ளைக்கு அது முன்பற்களை முதலில் வெளியே தள்ளிப் பிறகு உள்ளே இழுக்கும் வீண்வேலை. வேருக்கும் அது நல்லதில்லை.

எந்த வழியில் போனாலும் கீழ் முன்பற்கள் மறுபடி நெருங்கப் பார்க்கும், பல் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் இது பொது. கிளிப் எடுக்கும் அன்றே கீழே உட்பக்கம் ஒட்டும் மெல்லிய கம்பியும், மேலே இரவில் போடும் ரீடெய்னரும் தயாராக இருக்கட்டும். அந்தக் கம்பி எங்காவது ஒட்டு விட்டால் நாவால் தடவினால் தெரியும். தெரிந்த வாரத்திலேயே போய் ஒட்டிக்கொள்ள வேண்டும்.